கட்டிய தீர்வையைத் திரும்பக் கேட்பது எப்படி? கனடாவின் கே32 படிவம்

ரொறன்ரோவிலும் ஸ்காபரோவிலும் நம்மவர்கள் நடத்தும் சிறிய பட்டறைகளுக்கு வேலை நிமித்தம் அடிக்கடி போய் வருகிறேன். சுங்க அனுமதி முகவர் ஒருவரின் அலுவலகத்தில் பல வருடங்கள் படிவம் நிரப்பியவன் என்பதால், எங்கே போனாலும் யாராவது ஒரு பைலைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பெரும்பாலும் அது இறக்குமதிக்குக் கட்டிய தீர்வை பற்றிய கேள்வியாக இருக்கும். இறக்குமதி செய்த பொருளில் வேலை செய்து வெளிநாட்டுக்கு அனுப்பினால், கட்டிய சுங்கத் தீர்வையைத் திரும்பக் கேட்கலாம் என்பதைக் கேள்விப்பட்டிருப்பார்கள். கேட்கும் வழி தெரியாது. தெரிந்தவர்களும் படிவத்தைப் பார்த்ததும் மூடி வைத்துவிடுவார்கள்.

இதற்குப் பெயர் தீர்வை மீளளிப்பு. புறோக்கர்மார் ‘ட்ரோபாக்’ என்பார்கள். கனடா எல்லைச் சேவைகள் முகவரகத்தில் இதற்கான படிவம் கே32. அந்தப் படிவத்தை ஒரு சின்ன உற்பத்தியாளரின் கணக்கை வைத்து இங்கே விளக்குகிறேன். பெட்டிகளின் இலக்கங்களைச் சொல்லப் போவதில்லை. எந்தப் பெட்டி என்ன கேட்கிறது, அதற்கான பதில் உங்கள் வீட்டில் எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன். கே32 புதிதாக எதையும் கேட்பதில்லை. நீங்கள் ஏற்கனவே வைத்திருக்க வேண்டிய மூன்று வகைக் காகிதங்களை ஒன்றோடொன்று இணைத்துக் காட்டச் சொல்கிறது. பொருள் உள்ளே வந்த காகிதம், பட்டறையில் அதற்கு என்ன நடந்தது என்ற பதிவு, வெளியே போன காகிதம். நடுவில் ஒன்று அறுந்தால் காசு வராது.

நான் சொல்லும் அக்கா கிளிநொச்சிப் பக்கத்தைச் சேர்ந்தவர். இந்தியாவிலிருந்து வெறும் கன்வஸ் பைகளை இறக்கி, ஸ்காபரோவில் படம் அச்சிட்டு, உள்ளே சிப் வைத்த பொக்கெற் தைத்து விற்கிறார். கோயில் திருவிழா, பள்ளிப் பழைய மாணவர் ஒன்றுகூடல், கல்யாண வீடு என்று ஓடர்கள் வரும். லண்டனிலிருந்தும் வரும், அமெரிக்காவிலிருந்தும் வரும். அவருடைய கணக்கில் உள்ள தொகைகளை, வாசிக்க இலகுவாக இருக்கட்டும் என்று முழு எண்களாக மாற்றியிருக்கிறேன்.

2023 பெப்ரவரி 14 அன்று அவருக்கு 3,000 பைகள் விடுவிக்கப்பட்டன. தீர்வைக்கான பெறுமதி 9,000 கனேடிய டொலர். கட்டிய சுங்கத் தீர்வை 900 டொலர். அதாவது பை ஒன்றுக்கு 30 சதம். இந்தியப் பொருள்களுக்குக் கனடா கொடுத்துவந்த சலுகைத் தீர்வை 2015இல் நிறுத்தப்பட்டதால், இந்தப் பைகளுக்கு வழமையான முழு வீதம் அறவிடப்பட்டிருந்தது. இதே பை பங்களாதேஷிலிருந்து குறைந்த வளர்ச்சி நாடுகளுக்கான சலுகையில் வந்திருந்தால் தீர்வையே இருந்திருக்காது. திரும்பக் கேட்க ஒன்றும் இருந்திருக்காது.

ஆகவே கே32ஐத் திறக்கும் முன்னர் பார்க்க வேண்டியது இறக்குமதிக் கணக்கீட்டுப் படிவத்தைத்தான். 2024 ஒக்டோபர் வரை அதற்குப் பெயர் பி3. அதற்குப் பின்னர் கார்ம் என்ற புதிய முறையில் வேறு பெயரில் வருகிறது. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி இருக்கும். அந்த வரியில் தீர்வை வீதம் பூச்சியம் என்றிருந்தால் படிவத்தை மூடிவிடலாம். கனடா 2010ஆம் ஆண்டு தொடக்கம் தொழிற்சாலைகளுக்கான மூலப்பொருள்கள், இயந்திரங்கள் பெரும்பாலானவற்றின் தீர்வையை நீக்கிவிட்டது. துணிச் சுருள், நூல், பிளாஸ்ரிக் மணி போன்றவற்றை இறக்குபவர்கள் பலருக்குத் திரும்பக் கேட்க எதுவும் இருக்காது. முடிந்த பொருளாக, அல்லது பாதி முடிந்த பொருளாக இறக்கி வேலை செய்பவர்களுக்குத்தான் இது காசு.

அக்கா முதலில் 1,395 டொலர் என்று எழுதி வைத்திருந்தார். 900 டொலர் தீர்வையோடு, ஐந்து வீத ஜீஎஸ்ரி 495 டொலரையும் சேர்த்திருந்தார். புறோக்கருக்கு ஒரே காசோலையாகக் கட்டியதால் அவருக்கு எல்லாம் ஒரே வரிதான். ஆனால் ஜீஎஸ்ரி இந்தப் படிவத்தில் வராது. பதிவு செய்த வியாபாரி அதைத் தன்னுடைய ஜீஎஸ்ரி கணக்கில் உள்ளீட்டு வரவாகக் கழித்துக்கொள்வார். அவருடைய கணக்காளர் அதை முன்பே கழித்திருந்தார். அதையே இங்கேயும் கேட்டிருந்தால் ஒரே காசை இரண்டு தரம் கேட்டதாகியிருக்கும். புறோக்கர் கூலி, கொள்கலன் கூலி, களஞ்சிய வாடகை எதுவும் சேராது. தீர்வை என்ற கூட்டில் உள்ள தொகை மட்டும்.

இனிப் படிவம். தலைப்பகுதி கேட்பது கோருபவரின் பெயர், முகவரி, வியாபார இலக்கம். இதில் பலர் தங்கள் கடைப் பெயரை எழுதுவார்கள். இறக்குமதிக் கணக்கீட்டில் எந்தச் சட்டபூர்வப் பெயர் இருக்கிறதோ அதுதான் இங்கேயும் இருக்க வேண்டும். அக்காவின் கடைக்குப் போட்ட பலகையில் ஒரு பெயர், இலக்கக் கம்பனியாகப் பதிந்த பெயர் வேறு. பி3இல் இருந்தது இலக்கக் கம்பனி. எனவே அதையே எழுதினோம்.

அதற்குக் கீழே, கோரிக்கை எந்த வகை என்ற தெரிவு. இறக்கிய நிலையிலேயே திரும்ப ஏற்றுமதியானதா, கனடாவில் வேலை செய்யப்பட்டு ஏற்றுமதியானதா, அழிக்கப்பட்டதா என்று பிரிவுகள் உண்டு. இது சும்மா ஒரு அடையாளக் குறி என்று நினைத்து அவசரப்பட்டுத் தெரிவு செய்யக் கூடாது. பையைப் பிரித்துப் பார்த்து, துடைத்து, திரும்பப் பெட்டியில் அடைத்து அனுப்புவது இறக்கிய நிலையிலேயே அனுப்பியதாகும். படம் அச்சிட்டு, பொக்கெற் தைத்தால் அது வேலை செய்யப்பட்ட பொருள். அமெரிக்காவுக்கு அனுப்பும்போது இந்த வேறுபாட்டில்தான் காசு நிற்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

அடுத்து யார் இறக்குமதியாளர், யார் பட்டறைக்காரர், யார் ஏற்றுமதியாளர் என்ற விபரம். மூவரும் ஒருவரே என்றால் பிரச்சினை இல்லை. ஆனால் சிறு தொழிலில் அப்படி அமைவது குறைவு. லண்டன் ஓடரை அக்காவே அனுப்பினார். நியூ ஜேர்சி ஓடர் மார்க்கத்தில் உள்ள ஒரு வியாபாரி மூலம் போனது. அவர் அக்காவிடம் பைகளை வாங்கி, தன்னுடைய பெயரில் அனுப்பினார். இப்படி வரும்போது இருவருக்கும் கோரும் உரிமை இருக்கிறது. ஆனால் ஒரு பொருளுக்கு ஒருவர்தான் கோரலாம். மற்றவர் தான் கோரப் போவதில்லை என்று உரிமை விலக்குக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும்.

மார்க்கம் வியாபாரி முதலில் கையெழுத்திட மாட்டேன் என்றுவிட்டார். “இதிலே சைன் வைச்சா என்ரை கணக்கை நோண்டத் தொடங்கிவிடுவாங்கள், எனக்கெதுக்கு வில்லங்கம்” என்றார். அரசாங்கக் காகிதத்தில் கையெழுத்திட்டதால் பட்ட அனுபவம் எங்கள் சனத்துக்கு இருக்கிறது, அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கையெழுத்து அவருக்குப் புதிதாக எந்த வரியையும் கொண்டுவராது, அவர் கோராத ஒரு உரிமையை விட்டுக்கொடுக்கிறது, அவ்வளவுதான் என்று அக்காவே எடுத்துச் சொன்னார். கிடைக்கும் தொகையில் ஒரு பங்கு தருவதாகவும் சொன்னார். இரண்டு கிழமையில் கையெழுத்து வந்தது. என்னைக் கேட்டால், இந்தப் பேச்சைப் பொருளை விற்கும்போதே பேசி, விலைச்சிட்டையோடு சேர்த்து வாங்கிவிட வேண்டும். இரண்டு வருடம் கழித்து ஆளைத் தேடிப் போனால் கடை மாறியிருக்கும், ஆளும் மாறியிருப்பார்.

இன்னொரு நிலைமையும் உண்டு. நீங்கள் இறக்குமதியே செய்யாமல், உள்ளூர் மொத்த வியாபாரியிடம் வெறும் பையை வாங்கி வேலை செய்து அனுப்பியிருக்கலாம். தீர்வையைக் கட்டியது அவர். ஆனால் அந்தத் தீர்வை நீங்கள் கொடுத்த விலைக்குள் இருக்கிறது. அப்போது அவரிடமிருந்து கே32ஏ என்ற சான்றிதழ் வாங்க வேண்டும். எந்த இறக்குமதியில் இந்தப் பொருள் வந்தது, எத்தனை உங்களுக்கு விற்கப்பட்டது என்பதை அவர் அதில் எழுதித் தருவார். சில மொத்த வியாபாரிகள் தங்கள் கொள்விலை வெளியே தெரிந்துவிடும் என்று தயங்குவார்கள். கேட்டுப் பார்க்காமல் விடுவதில் ஒரு நியாயமும் இல்லை.

இப்போது படிவத்தின் நடுப்பகுதி, இறக்குமதி விபரங்கள். பரிவர்த்தனை இலக்கம், விடுவித்த திகதி, கணக்கீட்டு வரி இலக்கம், தீர்வை வகைப்படுத்தல் இலக்கம், பொருளின் விபரம், அளவு, பெறுமதி, வீதம், தீர்வைத் தொகை. எல்லாவற்றையும் பி3இலிருந்து அப்படியே பார்த்து எழுத வேண்டும். அழகுபடுத்தக் கூடாது. பி3இல் ‘பருத்தி கன்வஸ் பை’ என்றிருந்தால் இங்கே ‘திருவிழாப் பை’ என்று எழுதக் கூடாது. வாசிக்கும் உத்தியோகத்தர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்.

விடுவித்த திகதி முக்கியமானது. அந்த நாளிலிருந்து நான்கு வருடங்களுக்குள் கோரிக்கை போய்ச் சேர வேண்டும். ஏற்றுமதி செய்த நாளிலிருந்து அல்ல. அக்காவின் 2023 பெப்ரவரிச் சரக்குக்கு 2027 பெப்ரவரி வரை காலம். அதற்கு முன்னர் இறக்கிய ஒரு சரக்கும் இருந்தது. அதில் பாதிக்கு மேல் லண்டனுக்குத்தான் போயிருந்தது. ஆனால் மெதுவாக விற்றதால், கடைசி ஓடர் போய் ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை என்றாலும், விடுவித்து நான்கு வருடங்கள் தாண்டியிருந்தன. அந்தக் காசு போனதுதான்.

அளவு என்ற பெட்டியில்தான் பட்டறைப் பதிவு தேவைப்படுகிறது. இங்கே கேட்கப்படுவது நீங்கள் இறக்கிய 3,000 அல்ல. ஏற்றுமதியான பொருளைச் செய்வதற்கு அந்த 3,000இல் எத்தனை செலவானது என்பதுதான். அக்கா லண்டனுக்கு அனுப்பியது 1,200 பைகள். நியூ ஜேர்சிக்குப் போனது 800. உடனே 1,200, 800 என்று எழுதிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் அச்சிடும்போது பை கெடும். மை வழியும், படம் சரிந்து விழும், ஊசி துணியைக் கிழிக்கும். அக்காவின் பட்டறையில் ஒரு மொனிற்றர் கொப்பி இருக்கிறது. ஒவ்வொரு ஓடருக்கும் எத்தனை வெறும் பை எடுத்தார்கள், எத்தனை நல்லதாக வந்தது, எத்தனை கழிவு என்று அவருடைய தங்கை எழுதி வைத்திருந்தார். லண்டன் ஓடருக்கு எடுத்தது 1,240, கழிவு 40. நியூ ஜேர்சிக்கு எடுத்தது 820, கழிவு 20. ஏற்றுமதிப் பொருளைச் செய்யும்போது கெட்டு, எறியப்பட்டவையும் அந்த உற்பத்தியில் செலவானவையே. ஆகவே கோர வேண்டிய அளவு 1,240உம் 820உம்.

ஆனால் ஒரு நிபந்தனை. அந்தக் கழிவுக்கு விலை இருந்தால், அதாவது கெட்ட பைகளை இரண்டாம் தரம் என்று யாருக்காவது விற்றிருந்தால், அதற்குரிய பங்கைக் கழிக்க வேண்டும். அக்காவிடம் கேட்டேன். “மை வழிஞ்சதை யார் தம்பி வாங்குவான், கிழிச்சு மிசின் துடைக்கிறது” என்றார். எனவே கழிப்பதற்கு எதுவும் இல்லை. அந்தக் கொப்பியின் குறித்த பக்கங்களைப் படப்பிரதி எடுத்து இணைத்தோம். அழகான கணினி அறிக்கை தேவை என்று பலர் நினைக்கிறார்கள். வேலை நடந்த நாளில் வேலை செய்தவர் எழுதிய கொப்பி, பின்னர் இருந்து தயாரித்த அறிக்கையை விடப் பெறுமதியானது என்பது என் அபிப்பிராயம். கொப்பி இல்லாத பட்டறைகளில், ஏற்றுமதியான எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். நினைவிலிருந்து கழிவு வீதம் எழுதினால் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டி வரும்.

ராக்கையில் தீர்வை கட்டிய பையும் தீர்வை இல்லாத பையும் கலந்து கிடந்தால் சிக்கல் இன்னும் கூடும். ஏற்றுமதியானது எந்தச் சரக்கு என்று காட்ட வேண்டும். ஒரே வகையான, ஒன்றுக்குப் பதில் மற்றதைப் பாவிக்கக்கூடிய பொருள்களுக்குச் சட்டத்தில் இடம் இருந்தாலும், இரண்டும் எப்போது எத்தனை வந்தன, எத்தனை எடுக்கப்பட்டன என்ற பதிவு இல்லாமல் அந்த இடத்தைப் பாவிக்க முடியாது. வேறு வேறு பெட்டியில் போட்டு, மேலே பரிவர்த்தனை இலக்கத்தின் கடைசி நான்கு எண்ணை மார்க்கர் பேனையால் எழுதிவிடுவது சுகம்.

இனி ஏற்றுமதி விபரங்கள். திகதி, சேர்ந்த நாடு, பொருள், அளவு, ஆதாரம். லண்டனுக்கு விமானத்தில் போனதால் எயார்வே பில் இருந்தது. அமெரிக்கா தவிர்ந்த நாடுகளுக்கு 2,000 டொலரோ அதற்கு மேலோ பெறுமதியான சரக்கு அனுப்பினால் கனடாவில் ஏற்றுமதி அறிவித்தல் செய்ய வேண்டும். அதன் பிரதியும் இருந்தது. அந்த இரண்டும் லண்டன் விலைச்சிட்டையும் ஒரே எண்ணிக்கையைச் சொன்னால் போதும்.

அமெரிக்காவுக்குப் போகும் சரக்குக்குப் பொதுவாக அந்த அறிவித்தல் தேவையில்லை. அது சுகம் போலத் தோன்றும். ஆனால் கோரிக்கை வைக்கும்போது, ‘வெளியே போனது’ என்று காட்டக் கனடாப் பக்கத்தில் கையில் ஒரு அரச ஆவணமும் இருக்காது. லொறிக் கம்பனியின் சரக்குச் சிட்டையும், அமெரிக்கப் பக்கத்து இறக்குமதி ஆவணமும்தான் ஆதாரம். அமெரிக்க ஆவணம் இன்னொரு காரணத்துக்காகவும் கட்டாயம் தேவை.

கே32இல் ஆகக் கூடுதலாகப் பிழை விடப்படுகின்ற இடம் இதுதான். கனடா, ஐக்கிய அமெரிக்கா, மெக்சிக்கோ மூன்றுக்கும் இடையிலான வர்த்தக உடன்படிக்கையில், வேலை செய்யப்பட்ட பொருளை மற்ற இரு நாடுகளில் ஒன்றுக்கு அனுப்பினால், கட்டிய தீர்வை முழுவதையும் திரும்பக் கொடுக்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. கனடாவில் அந்தப் பொருளுக்குக் கட்டிய தீர்வை ஒரு தொகை. முடிந்த பொருள் அமெரிக்காவுக்குள் போகும்போது அங்கே கட்டப்பட்ட தீர்வை இன்னொரு தொகை. இரண்டில் எது குறைவோ அதுதான் உங்களுக்குக் கிடைக்கும். 2020 யூலையில் நடைமுறைக்கு வந்த இப்போதைய உடன்படிக்கைக்கு முன்னர் இருந்த நப்டாவிலும் இதே விதி இருந்தது.

ஏன் இப்படி? கனடாப் பட்டறைக்காரர் வெளிநாட்டுப் பையைத் தீர்வையில்லாமல் பாவித்து, முடிந்த பொருளையும் அமெரிக்காவுக்குள் தீர்வையில்லாமல் அனுப்பினால், அந்த வெளிநாட்டுப் பை மூன்று நாடுகளின் பொதுச் சந்தைக்குள் ஒரு இடத்திலும் தீர்வை கட்டாமல் நுழைந்துவிடும். அதைத் தடுக்கத்தான் இந்த விதி. ஒரு தரமாவது தீர்வை கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதே நோக்கம்.

அக்காவின் நியூ ஜேர்சிச் சரக்கில் இதைப் போட்டுப் பார்ப்போம். கனடாவில் கட்டியது 820 பைகளுக்கு 30 சதம் வீதம் 246 டொலர். அமெரிக்காவில் அந்த 800 அச்சிட்ட பைகளுக்கும் இறக்குமதியாளர் கட்டிய தீர்வை 150 அமெரிக்க டொலர். மாற்று வீதம் 1.35 என்றால் 202 டொலர் 50 சதம். 246ஐ விட அது குறைவு. ஆகவே நியூ ஜேர்சிக்குக் கோரக்கூடியது 202.50 மட்டும்.

அந்த 150 டொலரை எங்கே பார்ப்பது? அமெரிக்கச் சுங்கத்தின் 7501 இலக்கப் படிவத்தில். அது நியூ ஜேர்சியில் பொருளை எடுத்தவரிடமோ அவருடைய புறோக்கரிடமோ இருக்கும். அதில் தீர்வைக்குக் கீழே பொருள் கையாளும் கட்டணம் என்று இன்னொரு தொகையும் இருக்கும். மொத்தத்தைப் பார்த்து எழுதக் கூடாது. கட்டணம் தீர்வை அல்ல. அக்காவின் மார்க்கம் வியாபாரி அனுப்பிய காகிதத்தில் கடைசி மொத்தத்தைத்தான் வட்டம் போட்டிருந்தார்.

இந்த விதியால் கோரிக்கை பூச்சியமாகும் நிலைமைகள் இரண்டு உண்டு. முதலாவது, உங்கள் முடிந்த பொருள் உடன்படிக்கையின் மூலநாட்டு விதிக்குப் பொருந்தி, அமெரிக்காவுக்குள் தீர்வையின்றிப் போனது. அங்கே கட்டியது பூச்சியம். இரண்டில் குறைந்தது பூச்சியம். அக்காவின் பைக்குப் படம் அச்சிட்டு ஒரு பொக்கெற் தைத்ததால் அது கனேடியப் பையாக மாறிவிடாது, ஆகவே அங்கே தீர்வை கட்டப்பட்டது. கோரிக்கையும் நின்றது. இரண்டாவது, சின்னப் பார்சல். 800 அமெரிக்க டொலருக்கு உட்பட்ட பார்சல்கள் அமெரிக்காவுக்குள் தீர்வையின்றிப் போகும் வசதி 2025 ஓகஸ்ட் 29 வரை இருந்தது. இணையக் கடை மூலம் அமெரிக்க வாடிக்கையாளருக்கு இரண்டு மூன்று பையாக அனுப்பியவர்கள் பெரும்பாலும் அந்த வசதியில்தான் அனுப்பினார்கள். ஆயிரம் பை அப்படிப் போயிருந்தாலும் கோரக்கூடியது ஒரு சதமும் இல்லை. தங்கள் தபால் பற்றுச்சீட்டுக்களைப் பெட்டி பெட்டியாகச் சேர்த்து வைத்திருக்கும் ஆட்களிடம் இதைச் சொல்வது கஷ்டமாகத்தான் இருக்கும்.

முன்னர் சொன்ன கோரிக்கை வகையின் வேறுபாடு இங்கேதான் காசாகிறது. வெறும் பையை அச்சிடாமல், இறக்கிய நிலையிலேயே அமெரிக்காவுக்கு அனுப்பியிருந்தால் இந்தக் குறைந்த தொகை விதி பொருந்தாது. கட்டியது முழுவதையும் கேட்கலாம். அதற்காக, அச்சிட்ட பையை ‘இறக்கிய நிலை’ என்று குறிப்பது பொய்க் கோரிக்கை. தகுதியில்லாமல் பெற்ற தொகையை வட்டியோடு திரும்பக் கட்ட வேண்டி வரும். வேறு சில பொருள்களுக்கும் இந்த விதியிலிருந்து விலக்கு இருக்கிறது. அமெரிக்காவுக்கு ஆடை தைத்து அனுப்புபவர்கள் தங்கள் நிலைமையைத் தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். பைக்குச் சொன்ன கணக்கு அவர்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

லண்டனுக்கு இந்த ஒப்பீடு கிடையாது. பிரித்தானியாவில் அங்குள்ளவர் எவ்வளவு கட்டினார் என்று யாரும் கேட்கப் போவதில்லை. 1,240 பைகள், 30 சதம், 372 டொலர். இரண்டையும் கூட்டினால் 574 டொலர் 50 சதம். மிகுதி 940 பைகள் கனடாவுக்குள்ளேயே விற்கப்பட்டன, அல்லது ராக்கையில் இருக்கின்றன. அவற்றின் தீர்வை கட்டியது கட்டியதுதான். ராக்கையில் உள்ளவை 2027 பெப்ரவரிக்கு முன் வெளிநாடு போனால் அவற்றுக்கு இன்னொரு கோரிக்கை வைக்கலாம்.

அக்காவுக்கு இந்தத் தொகை சின்னது அல்ல. லண்டன் கோயில் ஓடரில் அவர் ஒரு பையில் வைத்த இலாபமே ஒரு டொலருக்குள்தான். அதில் 30 சதம் வீதம் சுங்கத்தில் நின்றுகொண்டிருந்தது. அடுத்த ஓடருக்கு விலை சொல்லும்போது லண்டனுக்கு ஒரு விலையும் நியூ ஜேர்சிக்கு வேறு விலையும் சொல்லத் தொடங்கியிருக்கிறார்.

படிவத்தின் கடைசியில் உறுதிமொழியும் கையெழுத்தும். இதில் கையெழுத்திடுபவர், கோரிய பொருள்கள் கனடாவுக்குள் வேறு தேவைக்குப் பாவிக்கப்படவில்லை என்பதற்கும், எழுதிய எண்கள் சரி என்பதற்கும் பொறுப்பு. புறோக்கர் நிரப்பினாலும் பொறுப்பு உங்களுடையதுதான். எனவே புறோக்கர் நிரப்பித் தந்ததை ஒரு தரம் வாசியுங்கள். குறைந்தது அளவையும், அமெரிக்கத் தீர்வைத் தொகையையும் உங்கள் காகிதத்தோடு ஒப்பிடுங்கள். புறோக்கர்மார் சிலர் ஒரு கோரிக்கைக்கு நிலையான கூலி கேட்பார்கள், சிலர் வருவதில் வீதம் கேட்பார்கள். 574 டொலருக்கு நிலையான கூலி கட்டுபடியாகாமல் போகலாம். இரண்டு மூன்று ஏற்றுமதிகளைச் சேர்த்து ஒரே கோரிக்கையாக வைப்பது அதனால்தான் நல்லது. ஆனால் சேர்த்துக்கொண்டே போய், ஆகப் பழைய சரக்கின் நான்கு வருடத்தைத் தவற விடக் கூடாது.

கோரிக்கை போய்ச் சேர்ந்து 90 நாட்களுக்கு மேல் காசு வராவிட்டால் அதற்குப் பின்னரான காலத்துக்கு வட்டி சேரும். இடையில் ஆதாரம் போதாது என்று கடிதம் வரலாம். அது மறுப்பு அல்ல. எந்தக் காகிதம் கேட்கிறார்கள் என்று பார்த்து அனுப்ப வேண்டியதுதான். காசு வந்த பின்னரும் பி3, கொப்பி, எயார்வே பில், 7501, உரிமை விலக்கு அனைத்தையும் ஒரே உறையில் போட்டு ஆறு வருடங்கள் வைத்திருக்க வேண்டும். காசு கொடுத்த பின்னர் வந்து கணக்குப் பார்க்கும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறது. அக்காவின் உறை இப்போது அச்சு மேசைக்கு மேலே உள்ள ராக்கையில் இருக்கிறது, உறைக்கு வெளியே பரிவர்த்தனை இலக்கமும் 2027 என்ற வருடமும் பெரிதாக எழுதப்பட்டிருக்கின்றன.